விழுங்க முடியாத பக்கவாத நோயாளிக்குக் கேர் பிளான்: எதை முதலில் எழுதுவது, இலக்கை எப்படி அளப்பது

பக்கவாத நோயாளிகளுக்கு மாணவச் செவிலியர்கள் எழுதும் கேர் பிளான்களில் இலக்குக் கட்டத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: "நோயாளிக்குப் புரை ஏறாது." படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நிறைவேறியதா இல்லையா என்று மறுநாள் காலை யாராலும் சொல்ல முடியாது. பக்கவாதத்தில் தொண்டையின் உணர்வு மங்கிவிடுவதால், தண்ணீரோ எச்சிலோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் பலருக்கு இருமலே வராது. இதைத்தான் சத்தமில்லாத ஆஸ்பிரேஷன் என்கிறோம். கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத ஒன்றை இலக்காக வைத்தால் அது வெறும் விருப்பமாகத்தான் நிற்கும்.

இன்னொரு சிக்கல் வரிசை. விழுங்குவதில் சிரமம் உள்ள ஒரே நோயாளிக்குப் பத்து செவிலிய நோயறிதல்கள் எழுதிவிடலாம். பத்தையும் சமமாக எழுதிவைத்தால், இரவு ஷிப்டுக்கு வருபவர் எதை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் நிற்பார். இந்த இரண்டு சிக்கல்களையும் ஒரு நோயாளியை வைத்தே பார்ப்போம். இவர் விளக்கத்துக்காக நான் அமைத்த நோயாளி. ஆனால் வார்டில் அடிக்கடி காணக்கூடிய வகை.

நோயாளி

64 வயது ஆண், எடை 60 கிலோ. மூளையின் வலது பாதியில் ரத்தக்குழாய் அடைப்பு. சேர்ந்து 30 மணி நேரம் ஆகிறது. இடது கையும் காலும் தளர்ந்திருக்கின்றன, முகத்தின் இடது பக்கம் தொங்குகிறது, வாயின் இடது ஓரத்தில் எச்சில் வழிகிறது. கூப்பிட்டால் விழித்துப் பேசுகிறார். தேதியை மட்டும் தப்பாகச் சொல்கிறார். இடது பக்கம் நின்று பேசினால் திரும்பிப் பார்ப்பதில்லை. "எனக்கு ஒண்ணும் இல்ல, எதுக்குச் சாப்பாட்டை நிறுத்திவச்சிருக்கீங்க?" என்று கேட்கிறார். நீரிழிவு உண்டு; இன்று காலை ரத்த சர்க்கரை 212.

பயிற்சி பெற்ற செவிலியர் செய்த விழுங்குதல் பரிசோதனையில் மூன்றாவது டீஸ்பூன் தண்ணீருக்குப் பிறகு குரல் ஈரமாகக் களகளத்தது. சில நொடி கழித்துத்தான் பலவீனமான இருமல் வந்தது. உடனே பரிசோதனையை நிறுத்தி, வாய்வழியாக எதுவும் தரக்கூடாது என்று முடிவானது. நரம்புவழி உப்புநீர் மணிக்கு 60 மில்லி ஓடுகிறது. மூச்சு நிமிடத்துக்கு 20, உடல் வெப்பம் 37.4, ஆக்சிஜன் செறிவு வெறும் காற்றில் 95 சதவீதம். வலது நுரையீரலின் அடிப்பகுதியில் லேசான கரகரப்பு கேட்கிறது, ஆனால் இருமச் சொன்னால் அது மறைகிறது. நாக்கு வறண்டு வெண்படலம் படிந்திருக்கிறது. பல்செட் தளர்வாக ஆடுகிறது. கடந்த 8 மணி நேரத்தில் சிறுநீர் 260 மில்லி.

இன்னொரு தகவலும் உண்டு, அது சார்ட்டில் இல்லை. பக்கத்தில் இருந்த அவர் மனைவி செவிலியரிடம் சொன்னது: "வாய் காஞ்சு போச்சுன்னு சொன்னார், அதான் ரெண்டு வாய் தண்ணி குடுத்தேன் சிஸ்டர். ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் முழுங்கினார்."

படி 1: தகவல்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்ப்பது

நோயறிதலின் பெயர்ப் பட்டியலைத் திறப்பதற்கு முன்பு, கிடைத்த தகவல்களில் எவையெல்லாம் ஒன்றோடொன்று பேசுகின்றன என்று பாருங்கள். எச்சில் வழிவது, முகத்தின் தொய்வு, ஈரக்குரல், தாமதமான இருமல் ஆகியவை ஒரு கொத்து; இவை விழுங்கும் இயக்கமே கெட்டிருப்பதைச் சொல்கின்றன. பலவீனமான இருமல், அழுக்கான வாய், படுத்த படுக்கை, மனைவி கொடுத்த தண்ணீர் ஆகியவை இன்னொரு கொத்து. நுரையீரலுக்கு எந்த வழியில் ஆபத்து வரும் என்பதை இவை காட்டுகின்றன. இடது பக்கத்தைக் கவனிக்காமல் இருப்பதும் தனக்கு ஒன்றுமில்லை என்று நம்புவதும் மூன்றாவது கொத்து.

இந்த மூன்றாவது கொத்தைப் பலரும் விழுங்குதலோடு சேர்த்துப் பார்ப்பதே இல்லை. வலது மூளை பாதிக்கப்பட்டவர் சாப்பிடத் தொடங்கினால் அவசரமாக வாய் நிறைய அள்ளிப்போடுவார், இடது கன்னத்துக்குள் உணவு தங்கியிருப்பதை உணரமாட்டார், மெதுவாகச் சாப்பிடுங்கள் என்றால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். அவருடைய தொண்டை ஓரளவு தேறிய பிறகும் இந்த நடத்தையே அவரைப் புரை ஏற வைக்கும். எனவே இந்தத் தகவல் இலக்கு எழுதும்போது நமக்குத் தேவைப்படும்.

எதை நம்பக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொண்டையைக் குச்சியால் தொட்டால் ஓங்கரிக்கிறாரா என்று பார்த்து, ஓங்கரித்தால் விழுங்குவார் என்று முடிவு கட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஓங்கரிப்பும் பாதுகாப்பான விழுங்குதலும் வேறு வேறு. ஒன்றை வைத்து மற்றொன்றைச் சொல்ல முடியாது. விழுங்கும்போது ஆக்சிஜன் செறிவு குறையவில்லை என்பதும் புரை ஏறவில்லை என்பதற்குச் சான்று ஆகாது. மனைவி சொன்ன "ஒண்ணும் ஆகல" என்பதும் அப்படித்தான். இருமல் வரவில்லை என்பது மட்டும்தான் அவர் பார்த்தது.

படி 2: நோயறிதலை முழு வாக்கியமாக எழுதுவது

செவிலிய நோயறிதல்களுக்குப் பெயரும் வடிவமும் தரும் நாண்டா முறையில், இப்போது இருக்கும் பிரச்சினைக்கு மூன்று பகுதிகள் வேண்டும்: பிரச்சினையின் பெயர், அதற்கான காரணம், அதைக் காட்டும் அறிகுறிகள். இனி வரக்கூடிய அபாயத்துக்கு அறிகுறி இருக்காது. பெயரும் அபாயக் காரணிகளும் போதும். பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதுண்டு. உங்கள் கல்லூரியோ மருத்துவமனையோ பின்பற்றும் பதிப்பில் உள்ள பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் என்ற இடத்தில் "பக்கவாதம்" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. பக்கவாதத்தைச் செவிலியர் சரிசெய்ய முடியாது. நம் கை எட்டக்கூடிய காரணத்தை எழுதினால்தான் அதிலிருந்து நம் வேலை பிறக்கும். நம் நோயாளிக்கு இப்படி எழுதலாம்:

> விழுங்கும் திறன் குறைபாடு. காரணம்: பக்கவாதத்தால் இடது முகம், நாக்கு, தொண்டைத் தசைகள் பலவீனமாகி உணர்வு மங்கியிருப்பது, இடப்பக்கக் கவனமின்மை. சான்று: எச்சில் வழிதல், மூன்றாவது டீஸ்பூன் தண்ணீருக்குப் பிறகு ஈரக்குரல், தாமதமான பலவீன இருமல்.

> ஆஸ்பிரேஷன் அபாயம். அபாயக் காரணிகள்: விழுங்கும் திறன் குறைபாடு, பலவீனமான இருமல், வாய்ச் சுகாதாரக் குறைவு, தன் குறைபாட்டை உணராமை, குடும்பத்தார் வாய்வழியாகத் தண்ணீர் கொடுத்தது.

இரண்டாவது வாக்கியத்தின் கடைசி மூன்று காரணிகளைப் பாருங்கள். மூன்றுக்கும் இன்று இரவே செய்ய வேலை இருக்கிறது. "பக்கவாதம்" என்று மட்டும் எழுதியிருந்தால் இந்த மூன்றும் மறைந்திருக்கும்.

எழுதாமல் விட்டதையும் சொல்ல வேண்டும். வலது அடிப்பகுதியில் கரகரப்பு கேட்கிறதே, 'காற்றுப்பாதையைச் சுத்தம் செய்ய இயலாமை' என்று எழுத வேண்டாமா? இப்போதைக்கு வேண்டாம். இருமினால் அந்த ஒலி போய்விடுகிறது, சக்ஷன் தேவைப்படவில்லை, மூச்சும் அவ்வளவு வேகமாக இல்லை. தன் சுரப்பை அவரால் இன்னும் வெளியேற்ற முடிகிறது. ஆனால் இருமிய பிறகும் கரகரப்பு நின்றாலோ, சும்மா இருக்கும்போதே தொண்டையில் களகளவென்று கேட்டாலோ, அந்த நோயறிதல் உடனே வந்து முதலிடத்தில் உட்காரும். இந்த எல்லைக்கோட்டை கேர் பிளானிலேயே ஒரு வரியாக எழுதிவைப்பது அடுத்த ஷிப்டுக்குப் பெரிய உதவி.

படி 3: வரிசைப்படுத்துவது

"இருக்கும் பிரச்சினை முதலில், வரப்போகும் அபாயம் பிறகு" என்று வகுப்பில் சொல்லித்தருவார்கள். பல நேரம் அது சரி. இங்கே அப்படியே பின்பற்றினால் இடது கை கால் தளர்ச்சி, தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள இயலாமை எல்லாம் மேலே போய், ஆஸ்பிரேஷன் அபாயம் எட்டாவது இடத்தில் கிடக்கும். அது "அபாயம்"தானே என்று. நான் இந்த நோயாளிக்கு வேறு மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்பேன். கவனிக்காமல் விட்டால் எது எத்தனை நேரத்தில் உயிரைத் தொடும்? எதைச் சரிசெய்தால் மற்றவையும் சேர்ந்து சரியாகும்? எதில் செவிலியரின் கை இன்றே எட்டும்?

முதல் கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும். காற்றுப்பாதைக்கு நிமிடங்களும் மணிகளும்தான் கணக்கு, நீர்ச்சத்துக்கு மணிகளும் ஒரு நாளும், ஊட்டத்துக்கு நாட்கள். அதனால் ஆஸ்பிரேஷன் அபாயம் முதலிடம். விழுங்கும் திறன் குறைபாடு இரண்டாவது. இதைத்தான் முதலில் போட வேண்டும், மற்றதெல்லாம் இதிலிருந்துதானே வருகிறது என்று சிலர் வாதிடுவார்கள். வேர் என்ற வகையில் அந்த வாதம் சரிதான். ஆனால் விழுங்கும் திறன் தேற நாட்களும் வாரங்களும் ஆகும். அதுவரை நுரையீரலைக் காப்பது தனி வேலை. வாய்வழியாக எதுவும் தராமல் நிறுத்தி வைத்திருக்கும்போதும் எச்சில் ஊறிக்கொண்டுதான் இருக்கிறது, அது அழுக்கான வாயிலிருந்து கிருமியோடு கீழே இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

மூன்றாவது நீர்ச்சத்துக் குறைவு அபாயம். அவருடைய சிறுநீர் 8 மணி நேரத்தில் 260 மில்லி, அதாவது மணிக்கு 32 மில்லிக்குச் சற்று மேல். கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி என்ற கீழ் எல்லை அவருக்கு 30 மில்லி. எல்லையை ஒட்டித்தான் நிற்கிறார். நாக்கு வறண்டிருப்பதை மட்டும் வைத்து நீர்ச்சத்து குறைந்துவிட்டது என்று எழுத முடியாது. வாயைத் திறந்தே மூச்சுவிடுபவருக்கு நாக்கு எப்படியும் வறளும். எனவே "அபாயம்" என்றே நிற்கட்டும்.

நான்காவது, உடலின் தேவைக்குக் குறைவான ஊட்டம். 30 மணி நேரமாக எதுவும் உள்ளே போகவில்லை என்பதால் இது இருக்கும் பிரச்சினைதான், ஆனாலும் நான்காம் இடம் போதும். அமெரிக்கப் பக்கவாதச் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல், பக்கவாதம் வந்து சேர்ந்த 7 நாட்களுக்குள் குடல்வழி உணவைத் தொடங்கச் சொல்கிறது. விழுங்க முடியாதவருக்கு முதல் இரண்டு மூன்று வாரம் மூக்குவழிக் குழாய், அதற்கு மேலும் தேவைப்படும் என்றால் வயிற்றுவழிக் குழாய் என்பது அதன் போக்கு. நாட்கள் இருக்கின்றன என்பதற்காக நாட்களைக் கடத்த வேண்டும் என்று பொருளில்லை. வரிசையில் நுரையீரலுக்குப் பின்னால் இது நிற்கலாம் என்பது மட்டுமே.

ரத்த சர்க்கரையையும் வெப்பத்தையும் நான் தனி நோயறிதலாகப் பின்னுக்குத் தள்ளாமல் முதல் பக்கத்திலேயே கண்காணிப்பாக வைப்பேன். ஆஸ்திரேலியப் பக்கவாதப் பிரிவுகளில் நடந்து 2011-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் ஆகிய மூன்றையும் செவிலியர்கள் ஒரு நெறிமுறைப்படி கவனித்த பிரிவுகளில், 90 நாட்கள் கழித்து இறந்தவர்களையும் பிறரைச் சார்ந்திருந்தவர்களையும் சேர்த்து எண்ணினால் அந்த எண்ணிக்கை குறைந்திருந்தது. மூன்றும் ஒன்றாகக் கவனிக்கப்பட்டன என்பது இங்கே முக்கியம். நம் நோயாளிக்குக் குழாய்வழி உணவு தொடங்கினால் சர்க்கரை ஏறும். இன்சுலின் போட்ட பிறகு ஏதோ காரணத்தால் உணவு நின்றால் சர்க்கரை சரியும். ஊட்டத்துக்கான திட்டத்திலேயே இதையும் எழுதிவையுங்கள்.

இடப்பக்கக் கவனமின்மை ஐந்தாவது. அசைவின்மை, தோல் புண் அபாயம், பேச்சு, மனநிலை போன்றவை திட்டத்தில் கட்டாயம் இருக்கும், ஆனால் இரண்டாம் பக்கத்தில். மனைவிக்குத் தேவையான அறிவை என்ன செய்வது? தனி நோயறிதலாக எழுதினால் "கல்வி" என்று கடைசியில் போய்விடும். இந்த நோயாளிக்கு ஆஸ்பிரேஷனுக்கான மிக அருகிலுள்ள வழியே மனைவி கையிலிருக்கும் தம்ளர்தான். எனவே அதை முதல் நோயறிதலுக்குள்ளேயே ஓர் இலக்காக வைப்பதே என் வழக்கம்.

படி 4: அளக்கக்கூடிய இலக்கு

ஸ்மார்ட் என்ற ஐந்து எழுத்துச் சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம். அதைச் சொல்லிக்கொண்டே அளக்க முடியாத இலக்கை எழுதுவதும் வழக்கம். நான் வைக்கும் சோதனை இதுதான்: உங்களைத் தெரியாத ஒரு செவிலியர், நோயாளியை முதல்முறை பார்க்கும் நிலையில், உங்கள் இலக்கைப் படித்து 'ஆம்' அல்லது 'இல்லை' என்று குறிக்க முடியுமா? அதற்கு நான்கு விஷயங்கள் போதும். யார் செய்வார் (நோயாளி அல்லது குடும்பத்தார், ஒருபோதும் செவிலியர் அல்ல), என்ன தெரியும், எந்த எண்ணளவு, எப்போதுக்குள்.

"இரண்டு மணி நேரத்துக்கொரு முறை வாய் சுத்தம் செய்யப்படும்" என்பது இலக்கு இல்லை, செவிலியரின் வேலை. அந்த வேலை பலித்ததா என்பதை நோயாளியின் வாயில்தான் பார்க்க வேண்டும்.

முதல் நோயறிதலுக்கு வருவோம். புரை ஏறுவதை நேரடியாக அளக்க முடியாது என்று முதலிலேயே பார்த்தோம். அதனால் இரண்டு பக்கத்திலிருந்து அளக்கிறோம். ஒன்று, புரை ஏறியிருந்தால் நுரையீரலில் தெரியக்கூடிய விளைவு. மற்றொன்று, புரை ஏறும் வழிகள் அடைபட்டிருக்கின்றனவா என்பது.

> அடுத்த 72 மணி நேரத்தில் ஒவ்வொரு ஷிப்டிலும் நோயாளியின் மூச்சு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கும், வெப்பம் 37.5-க்கு மேல் போகாது. வெறும் காற்றில் ஆக்சிஜன் செறிவு 94 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும். இருமிய பிறகும் நீடிக்கும் புதிய கரகரப்பு இருக்காது.

> 48 மணி நேரத்துக்குள் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் ஈரமாகவும் படலம் இன்றியும் இருக்கும். இடது கன்னத்தில் எச்சிலோ உணவோ தேங்கியிருக்காது.

> இன்று மாலைக்குள் மனைவி, வாய்வழியாக ஏன் எதுவும் தரக்கூடாது என்பதைத் தன் சொற்களில் சொல்வார். வறண்ட வாயை ஈரப்படுத்தும் முறையைச் செய்து காட்டுவார்.

மூன்றாவது இலக்கில் "புரிந்துகொள்வார்" என்று எழுதவில்லை, கவனியுங்கள். புரிதலை அளக்க முடியாது. சொல்வதையும் செய்து காட்டுவதையும் அளக்கலாம். "தண்ணி குடுக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், வாய் காய்ந்து தவிக்கும் கணவர் முன்னால் எந்த மனைவியும் அன்றிரவே மறுபடியும் கொடுத்துவிடுவார். ஈரப் பஞ்சுக்குச்சியால் உதட்டையும் நாக்கையும் துடைப்பது, உதட்டுக்குத் தைலம் தடவுவது என்று கைக்கு வேலை கொடுத்தால்தான் அந்தத் தம்ளர் கீழே இறங்கும்.

நீர்ச்சத்துக்கு இலக்கு சுலபம்: 24 மணி நேரத்துக்குள் சிறுநீர் எந்த 8 மணி நேரத்திலும் 240 மில்லிக்குக் குறையாது. 30-ஐ எட்டால் பெருக்கி 240 என்றே எழுதிவிடுங்கள். இரவு மூன்று மணிக்குக் கணக்குப் போடும் வேலையை அடுத்தவருக்கு வைக்க வேண்டாம்.

ஊட்டத்துக்குச் சற்று நின்று கணக்குப் பார்க்க வேண்டும். மருத்துவர் மூக்குவழிக் குழாய்க்கு உத்தரவிடுகிறார், உணவியலாளர் கிலோவுக்கு 25 கலோரி என்ற கணக்கில் நாளுக்கு 1500 கலோரி இலக்கு வைக்கிறார் என்று கொள்வோம். மில்லிக்கு ஒரு கலோரி தரும் திரவ உணவு என்றால் 1500 மில்லி. 250 மில்லியாக ஆறு வேளை. அந்த 1500 மில்லியும் தண்ணீர் ஆகாது. இவ்வகை உணவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்று மேல்தான் நீர், அதாவது சுமார் 1250 மில்லி. ஒவ்வொரு வேளைக்கும் முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீரால் குழாயைக் கழுவினால் இன்னொரு 360. மொத்தம் 1610. கிலோவுக்கு 30 மில்லி என்று பார்த்தால் அவருக்கு வேண்டியது 1800. 190 மில்லி இடிக்கிறது. குழாய்வழி உணவு முழு அளவை எட்டியதும் உப்புநீரை நிறுத்திவிடுவார்கள், இந்தப் பற்றாக்குறை யார் கண்ணிலும் படாது. அதைச் சுட்டிக்காட்டி கூடுதல் தண்ணீருக்கு உத்தரவு கேட்பது செவிலியரின் வேலை.

> குழாய்வழி உணவு தொடங்கிய 72 மணி நேரத்துக்குள் நோயாளி நாளொன்றுக்கு உத்தரவான 1500 கலோரியில் குறைந்தது 1350 பெறுவார்; வாந்தியோ வயிற்று உப்புசமோ இருக்காது.

எடையை இந்த முதல் இலக்கில் வைக்கவில்லை. முதல் சில நாட்களில் எடை ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் நீரின் கணக்கு. வாரம் ஒருமுறை, அதே படுக்கைத் தராசில், அதே நேரத்தில் எடுத்து, இரண்டாம் வார இலக்காக வைத்துக்கொள்ளலாம்.

குழாய் போட்டவுடன் ஆஸ்பிரேஷன் அபாயத்தைத் திட்டத்திலிருந்து அடித்துவிடுகிறார்கள். இது ஆபத்தான பழக்கம். குழாய் எச்சிலைத் தடுக்காது. வயிற்றில் உள்ளது மேலேறி வருவதையும் தடுக்காது. உணவின்போதும் பிறகும் படுக்கையின் தலைப்பகுதி 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். குழாய் சரியான இடத்தில் இருப்பதை முதல்முறை எக்ஸ்ரேயால் உறுதி செய்ய வேண்டும். வயிற்றின்மேல் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் காற்றை அடித்துக் கேட்பதை நம்பி உணவு கொடுக்கக்கூடாது. அதன்பின் ஒவ்வொரு வேளையும் மூக்கு ஓரத்தில் உள்ள அளவுக்குறி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தனக்கு ஒன்றுமில்லை என்று நம்பும் இந்த நோயாளி, நல்ல நிலையில் இருக்கும் வலது கையால் குழாயை இழுத்துவிடக் கூடியவர்.

இனி விழுங்கும் திறனுக்கான இலக்கு. இதைச் செவிலியர் தனியாக வைக்க முடியாது. விழுங்குதல் சிகிச்சையாளர் பரிசோதித்து எந்தப் பதத்தில் எதைத் தரலாம் என்று சொன்ன பிறகே எண்கள் வரும். அவர் வரும்வரை இலக்கு மிகச் சிறியது: "24 மணி நேரத்துக்குள் முழு விழுங்குதல் பரிசோதனைக்கு 15 நிமிடம் விழித்திருந்து, நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு நேரத்துக்கு ஒரு கட்டளை என்று பின்பற்றுவார்." சிறிய இலக்கு என்றாலும் வீண் இல்லை. தூக்கக் கலக்கத்தில் இருப்பவரிடம் பரிசோதனை செய்தால் முடிவு தப்பாகத்தான் வரும்.

படி 5: மதிப்பிட்டு, திருத்தி எழுதுவது

ஐந்தாம் நாள். வெப்பம் 37.2, மூச்சு 18, நுரையீரல் தெளிவு. வாயில் படலம் இல்லை. குழாய்வழி உணவு முழு அளவில் போகிறது. மனைவி பஞ்சுக்குச்சியை அருமையாகக் கையாள்கிறார். விழுங்குதல் சிகிச்சையாளர் மீண்டும் பார்த்து, உணவு, திரவங்களின் பதத்தை நிலைகளாகப் பிரிக்கும் ஐ.டி.டி.எஸ்.ஐ அளவுகோலில் நான்காம் நிலை மசியலும் இரண்டாம் நிலைக் கெட்டித் திரவமும் டீஸ்பூனால், ஒருவர் பக்கத்தில் இருந்து தரலாம் என்கிறார். குழாய் இருக்கட்டும்.

இந்த நிலையில் பழைய இலக்குகளை 'நிறைவேறியது' என்று குறித்து நகர்ந்துவிட்டால் பெரிய தவறு. இதுவரை எச்சில் மட்டுமே இறங்கிய வழியில் இன்றுதான் முதல்முறை உணவு போகப்போகிறது. ஆஸ்பிரேஷன் அபாயம் முதலிடத்திலேயே நீடிக்கிறது, 72 மணி நேரக் கடிகாரம் புதிதாக ஓடத் தொடங்குகிறது. விழுங்கும் திறனுக்கான இலக்கு இப்போது முழு உருவம் பெறுகிறது:

> மூன்று நாட்களுக்குள் நோயாளி, 90 டிகிரி நிமிர்ந்து உட்கார்ந்து, நான்காம் நிலை மசியலை ஒரு வேளைக்கு 10 டீஸ்பூன் உண்பார். இருமலோ ஈரக்குரலோ இருக்காது. ஒவ்வொரு வாய்க்குப் பிறகும் இடது கன்னத்தை நாக்காலோ விரலாலோ சோதிப்பார். வேளைக்கு இரண்டு நினைவூட்டலுக்கு மேல் தேவைப்படாது.

ஈரக்குரலைக் கண்டுபிடிக்க ஒரே வழி பேச வைப்பதுதான். இரண்டு மூன்று வாய்க்கு ஒருமுறை, "ஐயா, 'ஆ'ன்னு நீட்டிச் சொல்லுங்க" என்று கேளுங்கள். குரல் தெளிவாக இருந்தால் அடுத்த வாய். களகளத்தால் நிறுத்தி, இருமி விழுங்கச் சொல்லி, மறுபடி கேளுங்கள். தெளியவில்லை என்றால் அந்த வேளை அத்தோடு முடிந்தது, சிகிச்சையாளருக்குத் தெரிவியுங்கள். நினைவூட்டலை எண்ணச் சொன்னதற்கும் காரணம் உண்டு. இவருடைய தொண்டை தேறுவதும் கவனம் தேறுவதும் ஒரே வேகத்தில் நடக்காது. இருமலே இல்லாமல் பத்து டீஸ்பூனும் சாப்பிட்டு, ஆனால் எட்டு முறை "மெதுவா" என்று சொல்ல வேண்டியிருந்தால், அவரைத் தனியாகத் தட்டோடு விட முடியாது. அந்த எண் இல்லாவிட்டால் சார்ட்டில் இரண்டு நிலையும் ஒன்றுபோலத் தெரியும்.

கெட்டித் திரவத்தின் பதத்தைக் கண்ணால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். இரு ஷிப்டுகளில் இருவர் கலக்கினால் இரண்டு பதம் வரும். 10 மில்லி சிரிஞ்சில் திரவத்தை நிரப்பி 10 நொடி ஒழுகவிட்டுப் பாருங்கள். 4 முதல் 8 மில்லி வரை மிச்சமிருந்தால் இரண்டாம் நிலை. 4-க்குக் கீழே போனால் நீர்த்துவிட்டது, 8-க்கு மேலே நின்றால் கெட்டியாகிவிட்டது. இந்தச் சோதனைக்குரிய சிரிஞ்சின் அளவுப் பகுதி 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். எல்லா நிறுவன சிரிஞ்சும் அப்படி இருக்காது, ஒருமுறை ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரைகளைப் பொடித்து மசியலில் கலக்கலாமா என்பதை மருந்தாளுநரிடம் கேட்காமல் முடிவு செய்யக்கூடாது. குடலில் கரைவதற்கென்று பூச்சிட்டவற்றையும் மெதுவாக மருந்து விடுபவற்றையும் பொடிக்கவே கூடாது.

வரிசையிலும் ஒரு மாற்றம் வருகிறது. நீர்ச்சத்து அபாயம் குழாயால் தணிந்திருந்தது. இப்போது வாய்வழிக்கு மாற மாற அது மறுபடி தலைதூக்கும். கெட்டித் திரவம் யாருக்கும் பிடிப்பதில்லை, தாகம் தீர்ந்த மாதிரியும் இருக்காது. ஆதலால் குடிக்கும் அளவு குறையும். குழாயை எடுக்கும் முடிவுக்கு முன், வாய்வழியாக மட்டும் எவ்வளவு உணவும் திரவமும் போகிறது என்பதைத் தொடர்ந்து மூன்று நாள் தனியாகக் குறித்துக்காட்டுங்கள். இடப்பக்கக் கவனமின்மை ஐந்தாம் இடத்திலிருந்து மூன்றாவதாக மேலே வருகிறது, ஏனென்றால் இனி ஒவ்வொரு வேளை உணவின் பாதுகாப்பும் அதைப் பொறுத்தது.

இலக்கு நிறைவேறவில்லை என்றால் "தொடரவும்" என்று எழுதித் தேதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எந்தப் பகுதி விழுந்தது என்று எழுதுங்கள். எட்டாம் நாளில் இவர் 10 டீஸ்பூனையும் இருமாமல் சாப்பிட்டார், கன்னத்தைச் சோதிப்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் மறந்தார் என்றால் மதிப்பீடு இப்படி இருக்கும்:

> ஓரளவு நிறைவேறியது. 10/10 டீஸ்பூன், இருமல் இல்லை, குரல் தெளிவு. நினைவூட்டல் வேளைக்கு 7. மூன்று வேளையில் இரண்டில் இடது கன்னத்தில் மிச்சம். திருத்தம்: உண்ணும்போது எதிரே கண்ணாடி, உணவுக்குப் பின் வாயைச் சோதிப்பது மனைவியின் பொறுப்பில், அளவு 10 டீஸ்பூனுக்கு மேல் கூட்டப்படவில்லை. மறுமதிப்பீடு 48 மணி நேரத்தில், விழுங்குதல் சிகிச்சையாளருடன்.